யானையை ஏன் வெட்டவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மாலை, ரேட்டிங் போட்டியின் கடைசிச் சுற்று. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கை குலுக்கி, ஸ்கோர் ஷீட்டில் முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மூலத்தாளை நடுவர் வாங்கிக்கொள்கிறார். அது போட்டி நடத்துபவர்களின் சொத்து என்பது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. கார்பன் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார். இன்னொருவரை வாசலில் அப்பா பைக்கோடு காத்திருந்து கூட்டிப் போகிறார். மூன்றரை மணி நேரம் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இருவர், அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பிரிந்துவிடுகிறார்கள்.

ஆட்டம் முடிந்த கையோடு காய்களைத் திரும்ப அடுக்கி, தோற்றவரும் ஜெயித்தவருமாகச் சேர்ந்து ஆராய்வது செஸ்ஸில் வெகுநாளைய வழக்கம். வார இறுதிப் போட்டிகளில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சுற்று ஆடவேண்டும். அடுத்த மேஜையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் பேசக் கூடாது. கிடைக்கிற அரைமணி நேரத்தில் சாப்பிடுவதா, ஆராய்வதா என்றால் எல்லோரும் சாப்பிடத்தான் போவார்கள். அதனால்தான் போட்டி முடிந்து ஒன்றிரண்டு நாளில் எதிராளிக்கு மின்னஞ்சல் எழுதி, "நம் ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேட்கும் பழக்கம் கிளப் ஆட்டக்காரர்களுக்குத் தேவைப்படுகிறது.

வீட்டிலேயே என்ஜின் இருக்கிறதே, கைப்பேசியில் போட்டால் ஒரு நொடியில் தப்பெல்லாம் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். எந்த நகர்த்தல் சரி, எது தவறு என்பதை என்ஜின் சொல்லும். அதில் அதை விஞ்ச ஆளில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த நிமிடத்தில் எதற்குப் பயந்தார், எதைப் பார்க்கத் தவறினார், எதை நம்பி அந்தக் காயைத் தொட்டார் என்பது அதற்குத் தெரியாது. அது ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. அவருக்கும் சில நாட்களில் மறந்துபோகும்.

இதன் அருமை புரிய ஒரு நிலையைப் பலகையில் வைத்துப் பார்க்கலாம். இந்தக் கட்டுரைக்காக அமைத்ததுதான் என்றாலும், கிளப் ஆட்டங்களில் அடிக்கடி வருகிற வகை. வெள்ளையில் ஆடுபவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், அலுவலக வேலை முடிந்து கிளப்புக்குப் போகிறவர். கறுப்பில் ஆடுபவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. நம் ஊர்ப் போட்டிகளில் இப்படிப்பட்ட ஜோடி சர்வசாதாரணம். ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடுதல். பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு, வெள்ளைக்கு ராஜா, யானை, ஒரே ஒரு சிப்பாய். கறுப்புக்கு ராஜாவும் யானையும் மட்டும். வெள்ளை ராஜா d3 கட்டத்தில், யானை a4-இல், சிப்பாய் e3-இல். கறுப்பு ராஜா f6-இல், யானை e5-இல். கணினியில் இதைப் பார்க்க விரும்புகிறவர்கள் கீழே உள்ள வரியை அப்படியே ஒட்டினால் போதும்:

```
8/8/5k2/4r3/R7/3KP3/8/8 w - - 0 1
```

வெள்ளை தன் யானையை e4-க்குக் கொண்டுவந்து, "வெட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்பதுபோல் எதிரி யானையின் முன்னால் வைத்தார். சிறுமி ஒரு நிமிடம் யோசித்தாள். வெட்டவில்லை. யானையை a5-க்கு நகர்த்தினாள். அதன்பிறகு இன்னும் முப்பது நகர்த்தல்கள் போயின. கடிகாரத்தில் நேரமில்லாமல் கூடுதல் விநாடிகளை நம்பியே ஆடி, கடைசியில் தவறிழைத்துத் தோற்றாள். வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனபின்னும் அந்த ஒரு இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் ஏன் யானையை வெட்டவில்லை?

என்ஜினைத் திறக்காமல் அன்றிரவே அவர் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்கோர் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கெங்கே நீண்ட நேரம் யோசித்தார், என்ன நினைத்தார், எந்த நகர்த்தல் எதிர்பாராமல் வந்தது என்று ஓரத்தில் இரண்டிரண்டு வரி எழுதுவது. நகர்த்தலோடு கடிகாரத்தில் மிச்சமிருந்த நேரத்தையும் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு நிமிடம் செலவழித்த இடத்தில் ஏதோ ஒரு குழப்பம் இருந்திருக்கும். என்ஜினின் தீர்ப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் குறிப்புகளை நேர்மையாக எழுத முடியாது. "இதை நான் முன்பே பார்த்தேன்" என்று மனம் தானாகவே கதை கட்டத் தொடங்கிவிடும்.

அடுத்துதான் மின்னஞ்சல். எதிராளி சிறுமி என்பதால் அது அவளுக்குப் போகக் கூடாது, பெற்றோருக்குத்தான் போகவேண்டும். முகவரியைத் தானாகத் தேடிக் கண்டுபிடிப்பதும் முறையல்ல. போட்டி நடத்தியவர்களிடம் சொன்னால், அவர்கள் பெற்றோரைக் கேட்டுவிட்டுத் தருவார்கள். அப்படிக் கிடைத்த முகவரிக்கு அவர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். ஞாயிற்றுக்கிழமை ஆறாவது சுற்றில் உங்கள் மகளோடு வெள்ளையில் ஆடியவன் நான். உங்களிடம் கேட்டுவிட்டு இந்த முகவரியைத் தந்ததாகப் போட்டி நடத்தியவர்கள் சொன்னார்கள். பாப்பா ரொம்ப நன்றாக எதிர்த்து ஆடினாள்; எனக்குக் கடைசிவரை நிம்மதியில்லை. அந்த ஆட்டத்தை அவளோடு சேர்ந்து ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறேன். நீங்களும் கூட இருக்க, ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் போதும். இந்த வாரம் பள்ளி, டியூஷன் போக எந்த மாலை வசதி என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை கிளப்பிலேயே பார்க்கலாம்.

ஆட்டத்தின் நகர்த்தல்களை மட்டும் கோப்பாக இணைத்திருக்கிறேன். என் கருத்து எதையும் அதில் எழுதவில்லை. நான் இன்னும் என்ஜினில் போட்டுப் பார்க்கவில்லை. அவளும் அதுவரை பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். 41, 42ஆம் நகர்த்தல்களில் அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கேட்கத்தான் எனக்கு ஆவல். அவளுக்குப் பேசவேண்டும் என்று தோன்றுகிற இடங்கள் வேறு இருந்தால் எண்ணை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தொடக்க ஆட்டத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்றால் அதை விட்டுவிடலாம். பரீட்சை நேரம், வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள் சார்."

இந்தக் கடிதத்தில் கவனிக்கவேண்டியது, அதில் இல்லாதவை. "நீ அங்கே வெட்டியிருந்தால் டிரா" என்று அவர் எழுதவில்லை. அவருக்கே அது இன்னும் தெரியாது என்பது ஒருபுறம். தெரிந்திருந்தாலும் எழுதக் கூடாது. தோற்றவரிடம் ஜெயித்தவர் தீர்ப்பை அனுப்பினால், பதில் வராது, வந்தாலும் "ஆமாம், தப்புதான்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்தத் தப்பு எந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தது என்ற விஷயம் வெளியே வராது. "மோசமான நகர்த்தல்", "அதிர்ஷ்டம்" போன்ற சொற்களும் அதே வேலையைத்தான் செய்யும்.

தொடக்க ஆட்டத்தை விட்டுவிடலாம் என்ற வரி மரியாதைக்காக மட்டும் எழுதியதல்ல. ஒரே மாவட்டத்தில் ஆடுகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மறுபடி மோதுவார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களில் கோச் சொல்லிக்கொடுத்த தயாரிப்பு இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பது நியாயமில்லை. நடு ஆட்டமும் இறுதி ஆட்டமும் யாருடைய ரகசியமும் இல்லை.

எப்போது அனுப்புவது என்பதிலும் நிதானம் வேண்டும். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அனுப்பினால், அடுத்த சுற்றுக்கு உட்காரவேண்டியவர் பழைய தோல்வியையே நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் நினைவு மங்கியிருக்கும். கடைசிச் சுற்றுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரியான நேரம். பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதிலில்லை என்றால் அவர்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும்.

ஆட்டம் முடிந்தபின் இரு எதிராளிகளும் ஒரே நிலையை விடாமல் பேசிக்கொண்டிருந்ததற்குச் செஸ் வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1962இல் பல்கேரியாவின் வர்ணா நகரில் நடந்த ஒலிம்பியாடில், உலக சாம்பியன் மிகைல் போட்வின்னிக்கும் பாபி ஃபிஷரும் மோதினார்கள். ஒருவருக்கு வயது 51, மற்றவருக்கு 19. இருவரும் வாழ்நாளில் ஆடிய ஒரே ஆட்டம் அதுதான். கறுப்பில் ஆடிய ஃபிஷர் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த நிலையில் ஆட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. சோவியத் அணியினர் இரவில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். யானைகள் மட்டும் மிஞ்சும் இறுதி ஆட்டத்தில் தப்பிக்க ஒரு வழி இருப்பதை அணியில் இருந்த யெஃபிம் கெல்லர் கண்டுபிடித்தார். ஆட்டம் டிரா ஆனது.

ஃபிஷர் அதை அத்தோடு விடவில்லை. 1969இல் வெளிவந்த தன் அறுபது ஆட்டங்கள் புத்தகத்தில், தான் வேறு மாதிரி ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று விரிவாக எழுதினார். போட்வின்னிக்கின் குறிப்புகளையும் அதே இடத்தில் எடுத்துப்போட்டு அவற்றுக்குப் பதில் சொன்னார். போட்வின்னிக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. தான் நடத்திய செஸ் பள்ளியில் மாணவர்களுக்கு அந்த நிலையையே ஆராயக் கொடுத்தார். அங்கே மாணவராக இருந்த சிறுவன் கேரி காஸ்பரோவ், ஃபிஷர் சொன்ன வழியிலும் கறுப்பு ஜெயிக்க முடியாது என்பதற்கு வழி காட்டினார். ஃபிஷரும் போட்வின்னிக்கும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்காது என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் இருவரும் தங்கள் எண்ணத்தை எழுத்தில் வெளிப்படையாக வைத்தார்கள். அதனால்தான் மூன்றாவது ஒருவர் அதைச் சோதிக்க முடிந்தது.

நம் சிறுமியின் ஆட்டத்துக்கு வருவோம். அப்பா சம்மதித்து, வியாழக்கிழமை மாலை வீடியோ அழைப்பு ஏற்பாடாகிறது. இரு வீட்டிலும் நிஜமான பலகை. கூடவே லிச்செஸ் தளத்தில் 'ஸ்டடி' என்ற வசதியில் இந்த ஆட்டத்தை ஏற்றி, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்து, கணினி ஆய்வு யாருக்கும் தெரியாதபடி அதன் அமைப்பிலேயே அணைத்துவிடலாம். இதை அணைப்பது அவசியம். திரையின் ஓரத்தில் எண் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், இருவருடைய கண்ணும் பலகையை விட்டு அங்கேதான் போகும்.

முதலில் பேசவேண்டியது தோற்றவர். இது பழைய வழக்கம், நல்ல வழக்கம். அவள் நகர்த்தலைச் சொல்லச் சொல்ல, அவர் குறுக்கிடாமல் கேட்கிறார். 41ஆவது நகர்த்தலில் யானை e4-க்கு வந்ததும் அவர் கேட்கிறார், "இங்கே வெட்டலாமான்னு பாத்தியாம்மா?"

"பாத்தேன் அங்கிள். வெட்டினா நீங்க ராஜாவால வெட்டுவீங்க. உங்க ராஜா சிப்பாய்க்கு முன்னாடி வந்துரும். ராஜா முன்னாடி வந்தா அவங்கதான் ஜெயிப்பாங்கன்னு கிளாஸ்ல சொல்லியிருக்காங்க. அதான் வெட்டல."

"நானும் அதையே நெனச்சுதாம்மா யானையைக் கொண்டுவந்து வெச்சேன்."

இதற்காகத்தான் அந்த மின்னஞ்சல். இருவரும் ஒரே விதியை ஒரே மாதிரி பாதியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அவர் அதை நம்பி யானையை வைத்தார். அவள் அதை நம்பி ஒதுங்கினாள். என்ஜின் அந்த இடத்தில் 0.00 என்று மட்டும் காட்டும். இரு தலைகளிலும் ஒரே பிழை இருந்தது என்பதை அது காட்டாது.

இப்போது இருவரும் பலகையில் வெட்டிப் பார்க்கிறார்கள். யானைக்கு யானை போய்விட்டது. வெள்ளை ராஜா e4-இல், அதன் பின்னால் ஒட்டியபடி e3-இல் சிப்பாய். கறுப்பின் முறை, ராஜாவை e6-க்கு நகர்த்துகிறாள். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்கின்றன. இந்த இடத்தில் யார் நகரவேண்டிய முறையோ அவர் வழிவிட வேண்டும். இப்போது வெள்ளையின் முறை. சிப்பாயை நகர்த்தி நேரம் கடத்தலாம் என்றால், முன்னால் அவருடைய ராஜாவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. ராஜாதான் நகரவேண்டும். d4-க்குப் போனால் அவள் d6-க்கு வருகிறாள். F4-க்குப் போனால் f6-க்கு. ஒவ்வொரு முறையும் எதிரே வந்து நிற்கிறாள். வேறு வழியின்றிச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்றும் ஆடிப் பார்க்கிறார்கள்:

```
1... Rxe4 2. Kxe4 Ke6 3. Kd4 Kd6 4. e4 Ke6
5. e5 Ke7 6. Kd5 Kd7 7. e6+ Ke7 8. Ke5 Ke8
9. Kd6 Kd8 10. e7+ Ke8 11. Ke6
```

கடைசியில் கறுப்பு ராஜா e8-இல் செக் இல்லாமல், நகரவும் இடமில்லாமல் நிற்கிறது. ஸ்டேல்மேட், டிரா. இதில் எட்டாவது நகர்த்தலில் கறுப்பு ராஜா நேர் பின்னால் e8-க்குத்தான் போகவேண்டும். பக்கவாட்டில் d8-க்கோ f8-க்கோ ஒதுங்கினால், வெள்ளை ராஜா அதற்கு நேர் எதிரே வந்து நின்று ஜெயித்துவிடும். சிறுமி முதல்முறை d8-க்குத்தான் போகிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜெயித்துக் காட்டுகிறார். அவளே திரும்பப் பின்னால் வந்து e8-ஐக் கண்டுபிடிக்கிறாள்.

அடுத்த கேள்வியை அவளே கேட்கிறாள்: "அப்போ கிளாஸ்ல சொன்னது தப்பா அங்கிள்?"

தப்பில்லை, பாதிதான். ராஜா சிப்பாய்க்கு முன்னால் இருந்தால் மட்டும் போதாது. எதிரி ராஜா நேர் எதிரே வந்து நின்றால், முறையை மாற்றிவிட வெள்ளையின் கையில் மிச்சமாக ஒரு சிப்பாய் நகர்த்தல் இருக்கவேண்டும். அதைப் புரிந்துகொள்ள இருவரும் ஆட்டத்தை ஒரு நகர்த்தல் பின்னால் கொண்டுபோகிறார்கள். 40ஆவது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் e2-இல் இருந்தது. கறுப்பு யானை அதைக் குறிவைத்திருந்தாலும் பக்கத்தில் ராஜா காவலுக்கு இருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை. நேரம் குறைவாக இருந்ததால், யோசிக்காமல் ஆட ஒரு நகர்த்தல் வேண்டுமே என்று அவர் அதை e3-க்குத் தள்ளினார். அவருடைய குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சிப்பாய் e2-இலேயே இருந்திருந்தால்? யானைகள் வெட்டுப்பட்டு, ராஜாக்கள் e4-இலும் e6-இலும் எதிரெதிரே நிற்கும்போது வெள்ளை e2-இலிருந்து e3-க்கு ஒரே ஒரு அடி வைப்பார். நிலை அதேதான், நகரவேண்டிய முறை மட்டும் கறுப்புக்கு மாறிவிடும். கறுப்பு ராஜா ஒரு பக்கம் ஒதுங்க, மறுபக்கம் வழியாக வெள்ளை ராஜா நுழையும். கறுப்பு d6-க்குப் போனால் வெள்ளை f5-க்கு. அங்கிருந்து படிப்படியாக e6 வரை போய்விடும். ராஜா ஆறாவது வரிசையில் சிப்பாய்க்கு முன்னால் போய் நின்றுவிட்டால் பிறகு தடுக்க வழியில்லை. அதாவது, 41ஆவது நகர்த்தலில் அவர் செய்த பேரம் டிராவுக்குத்தான் உதவியிருக்கும். காரணம் 40ஆவது நகர்த்தலில் இருந்தது. அன்று மாலை ஜெயித்தவருக்குத்தான் அதிகப் பாடம் கிடைத்தது. ஜெயித்த ஆட்டம் என்பதால் தனியாக இருந்திருந்தால் அந்த நகர்த்தலைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

எல்லா அமர்வும் இப்படி நல்லபடியாகப் போய்விடாது. அதிகமாகக் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, யாராவது ஒருவர் ரகசியமாக என்ஜினைத் திறந்து வைத்திருப்பது. கேள்வி கேட்டதும் தயங்காமல் பதினைந்து நகர்த்தல் தூரம் சரியாகச் சொல்கிறார், ஆனால் நடுவில் வேறு ஒரு நகர்த்தலைப் போட்டுக் கேட்டால் உடனே பேச்சு நின்று கண் பக்கவாட்டில் போகிறது என்றால், பேசுவது அவரில்லை. சண்டை வேண்டாம், "அதை அப்புறம் பார்க்கலாம், அன்னிக்கு என்ன நெனச்சீங்க?" என்று கேட்டால் போதும். இரண்டாவது, குழந்தைகளின் ஆட்டத்தில் பெற்றோரோ கோச்சோ பதில் சொல்லத் தொடங்குவது. "ஏண்டி வெட்டல, எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்" என்று அப்பா ஆரம்பித்துவிட்டால், பிள்ளை அதன்பிறகு நினைத்ததைச் சொல்லாது. திட்டு வாங்காத பதிலைத்தான் சொல்லும். பெரியவர் அந்த நேரத்தில் தன் பிழையை எடுத்து வைத்தால் பேச்சு திரும்பும். மின்னஞ்சலிலேயே "நீங்கள் கூட இருங்கள், ஆனால் அவளே பேசட்டும்" என்று மென்மையாக எழுதிவிடுவது இன்னும் நல்லது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முழு ஆட்டத்தையும் பார்க்க உட்கார்ந்தால் முக்கியமான இடத்துக்கு வரும்போது இருவரும் களைத்திருப்பார்கள். அதன்பிறகுதான் என்ஜின். சேர்ந்து எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக அதில் சரிபார்த்து, எங்கே அது மாறுபடுகிறது என்று குறித்துக்கொள்வது தனித்தனியாகச் செய்கிற வேலை.

கடைசியாக ஒரு மின்னஞ்சல் மிச்சமிருக்கிறது. பேசியவற்றைக் கோப்பிலேயே அந்தந்த நகர்த்தலின் கீழ், எது வெள்ளையின் எண்ணம், எது கறுப்பின் எண்ணம் என்று பிரித்து எழுதி எதிராளிக்கு அனுப்பவேண்டும். 40ஆவது நகர்த்தலின் கீழ் அவர், "நேரமில்லாமல் தள்ளினேன், ராஜாவின் காவல் போதுமாக இருந்தது" என்று எழுதுகிறார். 41-இன் கீழ் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறார். அவளைக் கேட்காமல் அந்தக் கோப்பு கிளப் குழுவுக்கோ வேறு கோச்சுக்கோ போகாது என்றும், அடுத்த போட்டியில் மறுபடி ஜோடி சேர்ந்தால் அந்த ஆட்டத்தையும் பார்க்கலாம் என்றும் அவள் அப்பாவுக்கு ஒரு வரி சேர்க்கிறார்.